வாக்கியக் கணக்கை முழுசாகப் படம் எடுப்பதா, சமன்பாட்டை மட்டும் எடுப்பதா?

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டில் வரும் வாக்கியக் கணக்கைப் பிள்ளை நோட்டில் எழுதி வந்திருக்கிறது. கையில் போன் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தால் நான்கு வழி இருக்கிறது. கணக்குச் செயலியில் படம் எடுக்கலாம். ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற ஏஐ செயலியில் முழுக் கணக்கையும் படமாகப் போடலாம். சமன்பாட்டைப் பிள்ளையே அமைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுக்கலாம். இல்லையென்றால் ஆசிரியருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம்.

என் தேர்வு மூன்றாவது வழி. ஏன் என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

“செவ்வக வடிவக் காய்கறிப் பாத்தி ஒன்றின் நீளம் அதன் அகலத்தைவிட 7 மீ அதிகம். பாத்தியின் பரப்பு 30 ச.மீ எனில், நீளத்தையும் அகலத்தையும் காண்க.”

அகலம் x என்று வைத்தால் நீளம் x + 7. பரப்பு x(x + 7) = 30. இதை விரித்து ஒரு பக்கம் கொண்டுவந்தால் x² + 7x − 30 = 0. பெருக்கினால் −30, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் 10, −3. இனி நடு உறுப்பைப் பிரித்து எழுதுவதுதான் பாக்கி.

x² + 10x − 3x − 30 = 0
x(x + 10) − 3(x + 10) = 0
(x + 10)(x − 3) = 0

x = −10 அல்லது x = 3. அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் −10 ஐ விட்டுவிடுகிறோம். அகலம் 3 மீ, நீளம் 10 மீ.

இப்போது இதே கணக்கை ஒரு பிள்ளை வேகமாக எழுதியிருக்கிறது, 7 இன் தலைக்கோடு சின்னதாகச் சாய்ந்து 1 போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா அதை 1 என்றே படிக்கிறது. சமன்பாடு x² + x − 30 = 0 ஆகிவிடுகிறது. கையெழுத்தில் 1, 7 குழப்பம் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் இந்தக் கணக்கில் அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

x² + 6x − 5x − 30 = 0
x(x + 6) − 5(x + 6) = 0
(x + 6)(x − 5) = 0

x = 5. அகலம் 5 மீ, நீளம் 6 மீ. அழகாகக் காரணிப்பட்டுவிட்டது. மூலத்தைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 25 + 5 − 30 = 0, சரியாக வருகிறது. சரி, பரப்பையாவது பார்ப்போம் என்றால் 5 × 6 = 30, அதுவும் சரி. திரையில் பச்சை டிக் விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. விடை மட்டும் தப்பு. கணக்கு கேட்டது 7 மீ வித்தியாசம், இந்த விடையில் இருப்பதோ 1 மீ வித்தியாசம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூலத்தைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தால் காரணிப்படுத்தியது சரியா என்று மட்டும்தான் தெரியும். அந்தச் சமன்பாடே நம் கணக்குக்கு உரியதா என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது நோட்டில் இருக்கும் வாக்கியம் மட்டும்தான். அதனால் நான்கு வழிகளையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: கடைசியில் பிள்ளை அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போகுமா, போகாதா?

முதலில் கணக்குச் செயலிகள். இவற்றில் பலருக்கும் பழக்கமானது ஃபோட்டோமேத். குரோஷியாவில் உருவாகி 2014 இல் வெளிவந்தது, 2016 இல் கையெழுத்தையும் படிக்கத் தொடங்கியது, இப்போது கூகுளிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் மேத் சால்வரைப் பரிந்துரைக்கும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அது 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த வகைச் செயலிகளின் பலம் சமன்பாட்டைப் படிப்பது. வாக்கியத்தைப் படித்து, எதை x என்று வைப்பது என்று யோசிப்பது அவற்றின் முதன்மை வேலை இல்லை. தமிழில் கையால் எழுதிய நான்கு வரி வாக்கியக் கணக்கை இவற்றின் முன் நீட்டினால், நடுவில் இருக்கும் 7, 30 போன்ற எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஏதாவது செய்யப் பார்க்கும். அது செயலியின் குறை இல்லை, அதன் வேலையே வேறு. ஆனால் x² + 7x − 30 = 0 என்ற ஒரே வரியைக் காட்டினால் நிலைமை மாறுகிறது. என்ன படித்தேன் என்று அச்செழுத்தில் திரும்பக் காட்டும், தவறாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். காரணிப்படுத்தும் முறை, சூத்திர முறை, வர்க்கப் பூர்த்தி முறை என்று வழியையும் தேர்ந்தெடுக்க விடும்.

இந்த வழித் தேர்வைக் கவனிக்காமல் விடக்கூடாது. “காரணிப்படுத்தித் தீர்க்க” என்று கேட்டிருக்கும்போது சூத்திரத்தில் போட்டு விடை கொண்டுவந்தால் ஸ்டெப் மார்க் கிடைப்பது கஷ்டம். செயலி முதலில் காட்டும் முறை நம் பாடப்புத்தக முறையாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. காரணிப்படுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும், நடு உறுப்பைப் பிரித்த வரி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். x² இன் கெழு 1 ஆக இல்லாதபோது இது இன்னும் முக்கியம். நீளம் அகலத்தின் இருமடங்கைவிட 1 மீ அதிகம், பரப்பு 55 ச.மீ என்றால் 2x² + x − 55 = 0. இதிலிருந்து நேராக (2x + 11)(x − 5) = 0 என்று தாவினால், பிள்ளைக்கு 11 எங்கிருந்து வந்தது என்றே புரியாது. முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் −110. அதைக் கூடுதல் 1 வரும்படி 11, −10 என்று உடைக்கிறோம்.

2x² + 11x − 10x − 55 = 0
x(2x + 11) − 5(2x + 11) = 0

இந்த இரண்டு வரியும் திரையில் இல்லையென்றால், அந்த விடையைப் பார்த்து எழுதுவதில் பயனில்லை. வரிகள் சுருங்கியிருக்கும் இடத்தைத் தட்டினால் பல செயலிகள் உள்ளே இருப்பதை விரித்துக் காட்டும். தட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஏஐ செயலியில் முழுக் கணக்கையும் போடுவது. சொல்லப்போனால் வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போவதில் இவை உண்மையிலேயே திறமையானவை. கணக்குச் செயலி செய்யாததை இவை செய்கின்றன: அகலத்தை x என்று வைத்து, நீளத்தை x + 7 என்று எழுதி, காரணம் சொல்லி நகர்த்துகின்றன. தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். அதனால்தான் பிள்ளைகள் நேராக இங்கே போகிறார்கள்.

இங்கே எனக்கு இருக்கும் தயக்கம் இரண்டு. ஒன்று, படிப்பது. அச்சிட்ட தமிழைப் படிப்பதைவிடக் கையெழுத்துத் தமிழைப் படிப்பது எந்த மென்பொருளுக்கும் கடினம். தெளிவில்லாத இடத்தில் இவை நின்று கேட்பதற்குப் பதிலாக, பொருந்துகிற மாதிரி ஒன்றை நிரப்பிக்கொண்டு போய்விடக்கூடும். “அதிகம்” என்பது சரியாகத் தெரியாமல், 7 மட்டும் 1 ஆகத் தெரிந்தால், மேலே பார்த்த 5 மீ, 6 மீ விடை சரளமான விளக்கத்தோடு வந்து நிற்கும். கடைசியில் “சரிபார்ப்பு: 5 × 6 = 30” என்ற வரியும் இருக்கும். தான் படித்த எண்களை வைத்தே தன்னைச் சரிபார்த்துக்கொண்டால் படித்ததில் உள்ள பிழை எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு மருந்து உண்டு. தீர்க்கச் சொல்வதற்கு முன்னால், படத்தில் உள்ள கணக்கை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே தட்டச்சு செய்து காட்டச் சொல்ல வேண்டும். அதை நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு, பிறகுதான் அடுத்த படி. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் இந்த வழியில் போகவே கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது தயக்கம், குறை மூலத்தை ஒதுக்குவது. பாத்தியின் அகலம், ரயிலின் வேகம், ஆளின் வயது என்று வரும்போது குறை எண்ணை விட்டுவிடுவது சரி. ஆனால் “அடுத்தடுத்த இரு முழுக்களின் பெருக்கற்பலன் 56” என்ற கணக்கில் x² + x − 56 = 0, (x + 8)(x − 7) = 0. இங்கே 7, 8 ஒரு விடை. −8, −7 இன்னொரு விடை. முழுக்கள் என்று கேட்டதால் இரண்டையும் எழுத வேண்டும். இயல் எண்கள் என்று கேட்டிருந்தால்தான் முதல் ஜோடி மட்டும். பழக்க தோஷத்தில் குறை எண்ணைத் தூக்கி எறிவது பிள்ளைகளிடமும் உண்டு, விடையாக வந்து விழும் விளக்கங்களிலும் உண்டு. கணக்கில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். அதேபோல இரண்டு மூலமும் மிகை எண்ணாக வந்தால் குழம்ப வேண்டாம். சுற்றளவு 26 மீ, பரப்பு 40 ச.மீ என்ற செவ்வகத்துக்கு x² − 13x + 40 = 0 என்று வந்து மூலங்கள் 5, 8 ஆகும். ஒன்று அகலம், மற்றது நீளம், அவ்வளவுதான்.

இப்போது நான் விரும்பும் வழி. வாக்கியத்திலிருந்து சமன்பாடு வரை பிள்ளையே எழுதுகிறது. அந்தச் சமன்பாட்டு வரியை மட்டும் படம் எடுத்து, கணக்குச் செயலியில் காரணிப்படுத்தும் படிகளைப் பார்க்கிறது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூலத்தை வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கிறது.

இதில் படிப்புப் பிழை சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஏனென்றால் படிக்க வேண்டியது ஒரே வரி, அது அச்செழுத்தில் உடனே திரும்பி வருகிறது, அதை ஒப்பிடப் பிள்ளையின் மனதில் ஏற்கெனவே சமன்பாடு இருக்கிறது. தானே x + 7 என்று எழுதிய பிள்ளைக்குத் திரையில் x² + x என்று பார்த்ததும் உறுத்தும். முழுக் கணக்கையும் படம் எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கு உறுத்துவதற்கு எதுவும் இல்லை.

படம் எடுக்கும்போது எங்கே சறுக்கும் என்பதும் இந்த வழியில் சுலபமாகப் பிடிபடும். கோடு போட்ட நோட்டில் எழுதினால் கழித்தல் குறி நோட்டின் கோட்டின் மேலேயே படுத்துவிடும். கேமராவுக்கு அது கோடா, குறியா என்று தெரியாது. x² − 5x + 6 = 0 என்பதன் மூலங்கள் 2, 3. கடைசி + மட்டும் − ஆக மாறினால் 6, −1. இரண்டுமே காரணிப்படும், அதனால் சத்தமில்லாமல் தப்பு நடந்துவிடும். கோடு போடாத நோட்டில், குறியைக் கொஞ்சம் நீளமாக, இரு பக்கமும் இடம் விட்டு எழுதினால் போதும். மேலே இருக்க வேண்டிய 2 கீழே இறங்கி x2 என்று தெரிவது, x பெருக்கல் குறி போலத் தெரிவது, பின்பக்க மை ஊடுருவித் தெரிவது ஆகியவையும் வழக்கமான தொல்லைகள். 7 க்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடும் பழக்கம் வந்தால் 1, 7 சண்டை தீர்ந்துவிடும். போனின் நிழல் நோட்டில் விழாதபடி பிடித்து, அந்த ஒரு வரி மட்டும் சட்டத்துக்குள் வரும்படி எடுக்க வேண்டும்.

தப்பாகப் படித்ததைக் கண்டுபிடிக்கத் தன்மைகாட்டியும் உதவும். b² − 4ac முழு வர்க்கமாக இருந்தால்தான் முழு எண்களைக் கொண்டு காரணிப்படுத்த முடியும். நம் பாத்திக் கணக்கில் 49 + 120 = 169, அது 13 இன் வர்க்கம். 30 ஐ 36 என்று படித்திருந்தால் 49 + 144 = 193, வர்க்கம் இல்லை. “காரணிப்படுத்துக” என்று கேட்ட கணக்கில் விடை வர்க்கமூலக் குறியோடு வந்தால் முதலில் படத்தைச் சந்தேகப்படுங்கள், பிறகு அமைத்த சமன்பாட்டை. ஆனால் இது எல்லாப் பிழையையும் பிடிக்காது: 7 ஐ 1 என்று படித்தபோது 1 + 120 = 121, அதுவும் 11 இன் வர்க்கம்தான்.

சமன்பாட்டை அமைப்பதிலேயே பிள்ளை தவறினால்? அதையும் கடைசிச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். ஒரு ரயில் கணக்கு: “150 கி.மீ தூரத்தை ஒரு ரயில் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 10 கி.மீ அதிகமாக இருந்திருந்தால் 30 நிமிடம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன?” பல பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்:

150/x − 150/(x + 10) = 30

வேகம் மணிக் கணக்கில், நேரம் நிமிடக் கணக்கில். இதைச் சுருக்கினால் x² + 10x − 50 = 0, தன்மைகாட்டி 300, காரணிப்படாது. செயலி சூத்திரத்துக்குத் தாவி, சுமார் 3.66 என்று விடை சொல்லும். மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் போகும் ரயிலில் ஏறுவதைவிட நடந்து போகலாம். வலது பக்கம் 1/2 என்று போட்டால்:

1500 = (1/2)(x² + 10x)
x² + 10x − 3000 = 0
x² + 60x − 50x − 3000 = 0
(x + 60)(x − 50) = 0

வேகம் மணிக்கு 50 கி.மீ. இப்போது வாக்கியத்துக்குப் போகிறோம். 50 கி.மீ வேகத்தில் 150 கி.மீ போக 3 மணி நேரம். 60 கி.மீ வேகத்தில் இரண்டரை மணி நேரம். வித்தியாசம் அரை மணி, அதாவது 30 நிமிடம். கணக்கு கேட்டது இதைத்தான். இந்தச் சரிபார்ப்பில் x என்ற எழுத்தே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தால் அது பாதிச் சரிபார்ப்புதான்.

வாக்கியத்தில் எத்தனை நிபந்தனை இருக்கிறதோ அத்தனையையும் பார்க்க வேண்டும். பாத்திக் கணக்கில் இரண்டு: நீளம் 7 மீ அதிகம், பரப்பு 30. 3, 10 என்ற விடைக்கு 10 − 3 = 7 சரி, 3 × 10 = 30 சரி. 5, 6 என்ற விடை இரண்டாவதில் தேறி முதலாவதில் தோற்றுவிடுகிறது. பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதை மட்டும்தான், ஏனென்றால் “= 30” என்று சமன்பாட்டில் கண்ணுக்குத் தெரிவது அதுதான். 7 மீ என்பது x + 7 க்குள் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது வழிக்கும் எல்லை உண்டு. சமன்பாட்டையே அமைக்கத் தெரியாமல் பிள்ளை முட்டி நின்றால் படம் எடுக்க வரியே இருக்காது. அப்போது மட்டும் ஏஐ செயலிக்குப் போகலாம். ஆனால் “தீர்த்துக் கொடு” என்று கேட்கக்கூடாது. கணக்கைத் தட்டச்சு செய்து காட்டச் சொல்லி, ஒப்பிட்டபின், எதை x என்று வைக்கலாம், மற்ற அளவை x இல் எப்படி எழுதலாம் என்பதோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். மிச்சத்தைப் பிள்ளை செய்யட்டும். தேர்வு அறையில் போன் இல்லை, கணக்கில் கஷ்டமான பாதியும் அந்த அமைப்பதுதான்.

ஆசிரியருக்கு அனுப்பும் வழி மெதுவானது, மறுநாள்கூட ஆகலாம். ஆனால் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வரும்போது அதற்கு இணை இல்லை. ரயில் கணக்கில் கழித்தல் எப்போதும் தலைகீழாக வருகிறது, 150/(x + 10) ஐ முதலில் எழுதிவிடுகிறது என்றால், x² + 10x + 3000 = 0 என்று வந்து மெய் மூலமே இல்லாமல் போகும். செயலி “மெய் மூலங்கள் இல்லை” என்று சரியாகவே சொல்லும், பிள்ளைக்கு எங்கே பிசகியது என்று மட்டும் சொல்லாது. வேகம் கூடினால் நேரம் குறையும், பெரிய நேரத்திலிருந்து சின்ன நேரத்தைக் கழிக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

அனுப்பும்போது வெறும் கேள்வியை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளை எழுதிய முயற்சியையும் அடித்த இடங்களோடு சேர்த்து, ஒரே படமாக, நேராகப் பிடித்து எடுத்து அனுப்புங்கள். எந்த வரியில் பிசகியது என்று அதைப் பார்த்தால்தான் அவரால் சொல்ல முடியும்.